நடுவில் கைமாறும் வேலை: குழுச் செய்திகளிலிருந்து ஒப்படைப்புக் குறிப்பு எழுதும் முறை

ஊராட்சியில் ஒரு கட்டட வேலை தொடங்கியவுடன் அதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஏற்படுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. ஊராட்சித் தலைவர், செயலர், வார்டு உறுப்பினர்கள், ஒன்றியப் பொறியாளர், பணி மேற்பார்வையாளர், ஒப்பந்தக்காரர், வட்டார வளர்ச்சி அலுவலர் ஆகிய எல்லோரும் அதில் இருப்பர். மணல் வந்ததும், மழையால் வேலை நின்றதும், கம்பி கட்டி முடிந்ததும் அன்றன்றே அதில் தெரிந்துவிடும். இதனால் வேலை விரைவுபடுகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் வேலை பாதியில் இருக்கும்போது மேற்பார்வையாளர் மாறுதலாகிச் சென்றால் ஒரு சிக்கல் எழுகிறது. கோப்பும் அளவுப் புத்தகமும் முறைப்படி கையொப்பத்துடன் கைமாறுகின்றன. குழுவில் ஒரு மாத காலமாக நடந்த உரையாடல் அவ்வாறு கைமாறுவதில்லை. புதியவரைக் குழுவில் சேர்த்துவிட்டால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். சேர்த்த நாளுக்கு முந்திய உரையாடல் முழுவதும் அவருக்குத் தானாக வந்துசேராது. எவரேனும் அனுப்பிவைத்தாலும், நானூறு செய்திகளில் எது முடிவு, எது யோசனை, எது பின்னர் மாற்றப்பட்டது என்பதை உடனிருந்து பாராத ஒருவர் அறிந்துகொள்வது எளிதன்று. ஆகையால் செல்பவர் வருபவருக்கு ஒரு பக்க அளவில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதித் தருதல் வேண்டும். அதை எவ்வாறு எழுதுவது என்பதை, நாம் மேற்பார்த்த ஒரு வேலையைக் கொண்டே இங்கு விளக்குவோம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இங்கு வேண்டுவதில்லை.

வேலையின் நிலை

வேலை, 30,000 லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. நான்கு தூண்கள், எனவே நான்கு அடித்தளக் குழிகள். மதிப்பீட்டின்படி ஒவ்வொரு குழியும் இரண்டரை மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். 2023-ஆம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி குழு தொடங்கியது. ஆகஸ்டு 4-ந் தேதி மேற்பார்வையாளர் மாறுதலில் சென்றார். அதற்குள் குழுவில் 412 செய்திகள் சேர்ந்திருந்தன. அவர் எழுதிவைத்துப் போன குறிப்பு இது:

“வேலை நன்கு நடைபெறுகிறது. அடித்தளம் முடிந்தது, தூண்கள் தரைமட்டம் வரை எழும்பியுள்ளன. கான்கிரீட் கட்டிகள் எடுக்கப்பட்டுள்ளன. பகிர்மானக் குழாய் சாலை ஓரமாகச் செல்லும். மற்ற விவரங்களைக் குழுவில் காண்க.”

இக்குறிப்பில் பொய் ஒன்றும் இல்லை. நாமும் அதைப் படித்துக் கையொப்பமிட்டோம். ஆனால் அதன் ஐந்து வாக்கியங்களுக்குப் பின்னால் மூன்று சங்கடங்கள் மறைந்திருந்தன. குறிப்பில் இடமே பெறாத நான்காவது ஒன்றும் இருந்தது.

குறிப்பு மறைத்தவை

முதலாவது, அடித்தளத்தின் ஆழம். அந்த இடம் கரிசல் மண். 2 மீட்டர் தோண்டியும் கெட்டி மண் தென்படவில்லை. ஜூலை 13-ந் தேதி பொறியாளர் நேரில் பார்த்து, “கெட்டிச் சரளை வரும்வரை தோண்டுங்கள்” என்று வாய்மொழியாகச் சொன்னார். அரை மீட்டர் கூடுதலாகத் தோண்ட வேண்டியிருந்தது. 14-ந் தேதி முதலிரண்டு குழிகளில் நாடா பிடித்து அளந்து, அளவுப் புத்தகத்தில் 2.5 மீட்டர் என்று எழுதினர். படமும் குழுவில் வந்தது. மற்ற இரண்டு குழிகளும் 15-ந் தேதி மாலை தோண்டி முடிக்கப்பட்டன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவற்றின் அடியில் கான்கிரீட் பரப்புப் போடப்பட்டது. 17-ந் தேதி மேற்பார்வையாளர் எழுதிய செய்தி, “கம்பி சரிபார்த்தாயிற்று, நாளை கான்கிரீட் போடலாம்” என்பது. அதைப் படிப்பவர் எல்லாம் சரிபார்க்கப்பட்டதாகவே எண்ணுவர். கம்பியைத்தான் பார்த்தார், அந்த இரண்டு குழிகளின் ஆழத்தை அளக்கவில்லை. 18-ந் தேதி கான்கிரீட் இடப்பட்டு, பின்னர் மண்ணும் மூடப்பட்டது.

ஒரு குழியில் கூடுதலாகத் தோண்டிய மண் 3.125 கன மீட்டர். இரண்டு குழிகளுக்கு 6.25 கன மீட்டர். அதனோடு தூண்களும் அரை மீட்டர் நீளுகின்றன. ஒப்பந்தக்காரர் நான்கு குழிகளுக்கும் தொகை கேட்டார். புதிய மேற்பார்வையாளரோ, தாம் காணாததும் புத்தகத்தில் இல்லாததுமான அளவுக்குக் கையொப்பமிட மறுத்தார். அவர் மறுத்தது முறையே.

இரண்டாவது, கான்கிரீட் கட்டிகள். 18-ந் தேதி ஆறு கட்டிகள் வார்க்கப்பட்டன. மூன்று 7-ஆம் நாளிலும், மூன்று 28-ஆம் நாளிலும் சோதிக்கப்பட வேண்டும். 7-ஆம் நாள் சோதனை ஜூலை 25-ல் நடந்தது. 28-ஆம் நாள் ஆகஸ்டு 15. அன்று விடுமுறை, ஊராட்சியில் கிராம சபையும் கூடும் நாள். “கட்டிகள் எடுக்கப்பட்டுள்ளன” என்று எழுதிய குறிப்பு, அடுத்து எந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. கட்டிகள் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடந்து, ஆகஸ்டு 22-ல், 35 நாள் வயதில் சோதிக்கப்பட்டன. கான்கிரீட் நாள் செல்லச் செல்ல வலுப்பெறும் பொருள். ஆதலால் 35-ஆம் நாள் வலிமையை 28-ஆம் நாளுக்குரிய அளவோடு அப்படியே ஒப்பிட்டுத் தேறியது என்று கூற இயலாது.

மூன்றாவது, குழாய்ப் பாதை. மதிப்பீட்டில் வண்டிப்பாதை வழியாக 310 மீட்டர். ஜூலை 27-ந் தேதி ஒரு வார்டு உறுப்பினர், அப்பாதையின் ஓரத்தில் ஏர் திரும்பும் இடங்களில் குழாய் உடைபடும் என்று விவசாயிகள் அஞ்சுவதாகத் தெரிவித்தார். தலைவர், “அப்ப ரோட்டு ஓரமாவே போகட்டும்” என்று எழுதினார். பொறியாளர் கட்டைவிரல் குறி இட்டார். குறிப்பு எழுதியவர் அதை ஒப்புதலாகக் கொண்டார். பொறியாளர் அதனால் கருதியது, செய்தியைப் பார்த்தேன் என்பது மட்டுமே. ஏனெனில் 31-ந் தேதி அவரே, “அந்த ரோடு நெடுஞ்சாலைத் துறையோடதா, ஒன்றியத்தோடதா?” என்று செயலரைக் கேட்டிருக்கிறார். அக்கேள்விக்குப் பதில் வரவே இல்லை. அதன் கீழ் சிமெண்டு மூட்டைகளைப் பற்றிய செய்திகள் வந்து அதை மூடிவிட்டன. ஆகஸ்டு 9-ந் தேதி சாலை ஓரத்தில் 40 மீட்டர் பள்ளம் வெட்டிய பிறகுதான், அது நெடுஞ்சாலைத் துறைக்குரியது என்பதும், முன்னனுமதி இன்றி வெட்டலாகாது என்பதும் தெரியவந்தன. வெட்டிய பள்ளத்தை மூட நேர்ந்தது. இரண்டு நாள் கூலி வீணாயிற்று.

நான்காவது, குறிப்பில் இடம்பெறாத ஒரு வாக்கு. தொட்டிக்கு அடுத்த நிலத்தின் உரிமையாளர், ஜல்லியும் மணலும் கொட்டிவைக்கத் தமது வயலின் ஒரு மூலையைக் கூலியின்றிக் கொடுத்திருந்தார். ஜூலை 11-ந் தேதி மேற்பார்வையாளர் குழுவில், “ஆவணி பிறக்குமுன் எடுத்துவிடுவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அந்த விவசாயி குழுவில் இல்லை. அவரை நினைவூட்டவும் ஆளில்லை. ஆவணி பிறந்து பத்து நாட்கள் கழித்தே ஜல்லி அகற்றப்பட்டது. அந்த மூலையில் அவருடைய உழவும் அத்தனை நாள் தள்ளிப்போயிற்று.

உரையாடலைப் படிக்கும் முறை

இந்த நான்கும் குழுச் செய்திகளிலேயே இருந்தன. அவற்றை எடுத்தெழுதும் முறைதான் நம்மிடம் இல்லை. அதன்பின் நாம் கைக்கொண்ட முறை பின்வருமாறு.

செல்பவர், தாம் விடுவிக்கப்படும் நாளுக்கு முன்பாகவே, தமது கைப்பேசியில் குழுவைத் திறந்து `Export chat` என்பதன் வழியே உரையாடலை ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் நாள், நேரம், எழுதியவர் பெயர் ஆகியவற்றுடன் செய்திகள் வரிசையாக இருக்கும். உறுப்பினர்களின் தொலைபேசி எண்களும் அதில் இருக்கக்கூடும். எனவே அது அலுவலகத்தில் இருக்க வேண்டியதே அன்றி, பலருக்கும் அனுப்பத்தக்கதன்று.

முதல் முறை தொடக்கத்திலிருந்து முடிவு வரை படிக்க வேண்டும். படிக்கும்போது ஐந்து வகைச் செய்திகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். அவை முடிவு, அளவு, நாள், பிறருக்குக் கொடுத்த வாக்கு, விடை பெறாத கேள்வி என்பன. வணக்கம், வாழ்த்து, வழியில் இருக்கிறேன் என்பன போன்றவை தாமே நீங்கிவிடும். மேற்சொன்ன 412 செய்திகளைப் பின்னர் இவ்வாறு பார்த்தபோது 37 செய்திகளே எஞ்சின.

இரண்டாம் முறை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் படிக்க வேண்டும். குறித்துவைத்த ஒவ்வொன்றும் பின்னர் மாற்றப்பட்டதா என்பதை அறிவதற்கே இது. மேலிருந்து கீழாகப் படிப்பவர் முதலில் கண்ட முடிவையே மனத்தில் நிறுத்திக்கொள்வர். கீழிருந்து வருபவருக்கு, பொறியாளரின் விடை பெறாத கேள்வி முதலிலும், தலைவரின் “ரோட்டு ஓரமாவே” என்பது பிறகும் தென்படும். அப்போது கட்டைவிரல் குறியை ஒப்புதல் என்று கொள்ள மாட்டார்.

மூன்றாவதாக, எஞ்சிய செய்திகளைக் கோப்போடும் அளவுப் புத்தகத்தோடும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒரு சொல்லை எழுத வேண்டும். கோப்பில் எழுத்து வடிவில் இருந்தால் “பதிவு”. தாமே அளந்தோ கண்டோ அறிந்தால் “நேரில்”. குழுவில் ஒருவர் சொன்னது மட்டுமே என்றால் “சொல்”. இந்த முறையின் உயிர்நாடி இதுவே. “நாலு குழியும் ரெண்டரைதான்” என்பது ஒப்பந்தக்காரரின் சொல். முதலிரண்டு குழிகளைப் பொறுத்தவரை அது பதிவும் ஆகும். மற்ற இரண்டைப் பொறுத்தவரை சொல் மட்டுமே. இவ்வேறுபாடு குறிப்பில் தெரிந்தால், வருபவர் எதை நம்பிக் கையொப்பமிடலாம், எதை முதலில் ஆராய வேண்டும் என்பதை அன்றே அறிந்துகொள்வார்.

இங்கு மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ளே மறைந்துவிடும் வேலைகளைத் தனியே கவனித்தல் வேண்டும். சுவரின் உயரத்தை எப்போது வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம். குழியின் ஆழம், அடித்தளக் கம்பிகளின் இடைவெளி, புதைத்த குழாயின் ஆழம் ஆகியவற்றை மூடிய பிறகு காண்பது கடினம். இத்தகைய ஒவ்வொன்றுக்கும், யார் எந்த நாளில் அளந்தார், அளவுப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பன குறிப்பில் இருக்க வேண்டும். அளக்கவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும்.

திருத்தி எழுதிய குறிப்பு

அதே வேலைக்கு, ஆகஸ்டு 4-ந் தேதி எழுதியிருக்க வேண்டிய குறிப்பு இவ்வாறு அமைந்திருக்கும்:

“வேலை: 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. நாள்: 4-8-2023.

1. இன்றைய நிலை: நான்கு அடித்தளங்களும் முடிந்தன. தூண்கள் தரைமட்டம் வரை, ஆகஸ்டு 1-ல் கான்கிரீட் இடப்பட்டது (நேரில்).

2. மறைந்த வேலை: ஆழம், மதிப்பீட்டில் 2 மீட்டர். 1, 2-ஆம் குழிகள் 2.5 மீட்டர், 14-7-ல் அளந்தது (பதிவு). 3, 4-ஆம் குழிகளும் 2.5 மீட்டர் என ஒப்பந்தக்காரர் கூறுகிறார் (சொல்). நான் அளக்கவில்லை. கூடுதல் ஆழத்துக்குப் பொறியாளர் 13-7-ல் வாய்மொழியாக உத்தரவிட்டார். எழுத்து மூலமான ஒப்புதல் இன்னும் பெறவில்லை.

3. முடிவாகாதது: குழாய்ப் பாதை. வண்டிப்பாதை 310 மீட்டர். சாலை ஓரம் 385 மீட்டர். சாலை எத்துறைக்குரியது என்ற பொறியாளரின் 31-7 கேள்விக்குச் செயலர் விடை தர வேண்டும். அதுவரை எவ்விடத்திலும் பள்ளம் வெட்டலாகாது.

4. நாள் குறித்த வேலை: தூண்களுக்கு ஆகஸ்டு 11 வரை நீர் விட வேண்டும், பொறுப்பு ஒப்பந்தக்காரர். கட்டிகள் மூன்றின் 28-ஆம் நாள் ஆகஸ்டு 15, விடுமுறை. சோதனைக்கூடத்தோடு இப்போதே பேசி அடுத்துள்ள வேலைநாளை உறுதி செய்க. சோதனையன்று கட்டியின் வயதை உள்ளபடி எழுதுக.

5. கொடுத்த வாக்கு: அடுத்த நிலத்துக்காரரின் வயல் மூலையிலுள்ள ஜல்லி, மணலை ஆவணி பிறக்குமுன் அகற்றுவதாக நான் சொல்லியிருக்கிறேன். அவர் குழுவில் இல்லை. நேரில் சென்று கண்டு பேசுக.”

இதில் ஆகஸ்டு 11 என்ற நாள் எவ்வாறு வந்தது என்று சிலர் கேட்கலாம். அந்த வேலைக்குப் பயன்பட்டது போஸோலானா கலந்த சிமெண்டு. அவ்வகைக் கலப்புச் சிமெண்டுக்கு இந்தியத் தர விதிப்படி குறைந்தது 10 நாட்கள் ஈரம் காக்க வேண்டும். சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்கு 7 நாட்கள். ஆகஸ்டு 1-ல் இட்ட கான்கிரீட்டுக்கு அது 11-ல் முடிகிறது. “தொடர்ந்து நீர் விடுக” என்று எழுதினால் ஒருவரும் நாளை எண்ண மாட்டார்கள். நாளைக் குறித்து, பொறுப்பாளரையும் குறித்தால், தூணின் சாக்குச் சுற்று காய்ந்திருப்பதைக் கண்ட எந்த உறுப்பினரும் கேள்வி கேட்கலாம்.

குறிப்பு எழுதிய பின்

எழுதியதோடு வேலை முடிவதில்லை. உரையாடலில் வராதவை பல உண்டு. பொறியாளரின் உத்தரவு நேரில் சொல்லப்பட்டது. ஒப்பந்தக்காரரோடு பேசிய பல செய்திகள் தொலைபேசியில் முடிந்திருக்கும். எங்கே ஒரு கேள்விக்குப் பின் திடீரென்று பேச்சு நின்று, இரண்டு நாள் கழித்து வேறு விதமாக வேலை நடந்திருக்கிறதோ, அங்கே ஒரு தொலைபேசிப் பேச்சு இருந்திருக்கும் என்று கொள்ளலாம். அத்தகைய இடங்களைக் குறித்து உரியவர்களைக் கேட்டறிதல் வேண்டும். செய்தி நீக்கப்பட்டது என்ற வரி இருந்தால் அதையும் கேட்க வேண்டும். குறித்த நாட்களில் செய்திகள் தாமாக மறையும்படி குழுவை அமைத்திருந்தால், வேலை நடக்கும் காலத்தில் அந்த அமைப்பை நிறுத்திவைப்பதே தக்கது.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். கைப்பேசியில் எடுத்த மூலப்படத்தில் எடுத்த நேரமும், இட அமைப்பு இயங்கியிருந்தால் இடமும் பதிந்திருக்கும். அதைச் சாதாரணப் படமாகக் குழுவில் அனுப்பினால் இவ்விவரங்கள் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக இணைத்து அனுப்பினால் அவை நிலைக்கும். எனவே மறைந்த வேலைகளின் மூலப்படங்களைச் செல்பவரின் கைப்பேசியிலிருந்தே பெற்று அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். நாடா தெரியும்படி எடுத்த படமாயினும், அது அளவுப் புத்தகத்துக்குத் துணையே தவிர மாற்று அன்று.

பின்னர், செல்பவரும் வருபவரும் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை வேலையிடத்தைச் சுற்றி வர வேண்டும். அதன்பின் குறிப்பைக் குழுவிலேயே வெளியிட்டு, “இதில் பிழையோ விடுபாடோ இருப்பின் நாளை மாலைக்குள் தெரிவிக்கவும்” என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் உடனே ஒரு திருத்தமாவது வரும். எவரும் பேசாதிருந்தால் அதை ஒப்புதல் என்று கொள்ளலாகாது. “சொல்” என்று குறித்தவை அப்போதும் சொல்லாகவே நிற்கும். இறுதியில் இருவரும் கையொப்பமிட்டு, ஒரு படியைப் பணிக்கோப்பிலும் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் வைத்தல் நலம். உறுப்பினர்கள் அதைக் கேட்டுப் படிக்கலாம்.

குழிகளின் முடிவு

அந்த இரண்டு குழிகளின் வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். பொறியாளரின் யோசனைப்படி, அடித்தளத்தைத் தீண்டாமல் அதன் ஓரமாக ஒவ்வொரு சிறு குழி தோண்டப்பட்டது. தலைவரும் இரு உறுப்பினர்களும் உடனிருக்க, அடித்தளத்தின் அடிப்பரப்பு வரை நாடா இறக்கி அளந்தனர். இரண்டிலும் ஆழம் 2.5 மீட்டரே இருந்தது. ஒப்பந்தக்காரர் சொன்னது உண்மை. அளவு எழுதப்பட்டு, எழுத்து மூலமான ஒப்புதலும் பெற்று, அவருக்குரிய தொகை வழங்கப்பட்டபோது ஏழு வாரங்கள் கழிந்திருந்தன. அவர் பொய் சொல்லியிருந்தால் ஊராட்சியின் பணம் போயிருக்கும். உண்மை சொன்னதால், அவர் தம் ஆட்களுக்குக் கடன் வாங்கிக் கூலி கொடுக்க நேர்ந்தது. “3, 4-ஆம் குழிகள் அளக்கப்படவில்லை” என்ற ஒரு வரி ஆகஸ்டு 4-ந் தேதிக் குறிப்பில் இருந்திருந்தால், அந்தச் சிறு குழிகளை அந்த வாரமே தோண்டியிருப்போம்.